அம்மாவிடம் ‘காதலிக்கிறேன்’ என்று சொல்லவைக்காதீர்கள்

வெளிநாட்டுப் படங்களுக்கும் தொடர்களுக்கும் தமிழில் சப்டைட்டிலும் டப்பிங் வசனமும் எழுதும் தம்பி தங்கைகளுக்கு,

பாரிவாக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஒரு காலத்தில் இந்த வேலைக்கு வருகிறவர்கள் வடபழனி, சாலிகிராமம் பக்கம் வீடு பார்ப்பார்கள். ஸ்டூடியோ எப்போது கூப்பிடும் என்று சொல்ல முடியாது, கூப்பிட்டால் பத்து நிமிடத்தில் போய் நிற்க வேண்டும். இப்போது கோப்பு வீட்டுக்கே வருகிறது. ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் மாடி அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அமெரிக்கக் குடும்பங்களைத் தமிழ் பேசவைக்கிறீர்கள். வாடகை மிச்சம். ஆனால் ஸ்டூடியோவில் ஒரு வரி காதில் உறுத்தினால் குரல் கொடுப்பவரே, “அண்ணே, இதை எவன் அண்ணே பேசுவான்?” என்று கேட்டுவிடுவார். அந்தக் கேள்வியைக் கேட்க உங்கள் அறையில் ஆள் இல்லை. அதனால்தான் இந்த மடல்.

இரண்டே இரண்டு வாக்கியங்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ‘ஐ லவ் யூ’, ‘ஐ மிஸ் யூ’. ஆங்கிலம் படித்த எந்தக் குழந்தைக்கும் இவற்றின் பொருள் தெரியும். நீங்கள் அதிகமாகத் தடுக்கி விழுவதும் இவற்றில்தான்.

கல்லூரி விடுதியிலிருந்து மகன் அம்மாவுக்கு போன் செய்கிறான். பேசி முடித்து வைக்கும்போது வழக்கமாகச் சொல்வதைச் சொல்கிறான். கீழே தமிழில் ஓடுகிறது: “நான் உன்னைக் காதலிக்கிறேன், அம்மா.” நம் வீட்டுக் கூடத்தில் பாட்டியோடு உட்கார்ந்து பார்க்கிறவர்கள் ரிமோட்டைத் தேடுவார்கள். இது வேண்டாமென்று தெரிந்தவர்கள் “நேசிக்கிறேன், அம்மா” என்று எழுதுகிறார்கள். அசிங்கம் போய்விட்டது, ஆனால் பையன் ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடையில் ஏறிவிட்டான். இன்னொரு தொடரில் கணவன் வெளியூரிலிருந்து மனைவியைக் கூப்பிட்டு “ஐ மிஸ் யூ” என்கிறான். தமிழில் “நான் உன்னை இழக்கிறேன்.” இருவரும் பிரியப் போகிறார்கள் என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அடுத்த காட்சியில் இருவரும் சேர்ந்து தோசை சாப்பிடாத குறையாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அகராதியில் தேடினால் இந்தச் சொற்களெல்லாம் சரியாகத்தான் இருக்கும். தவறு எடையில். ஒரு மொழியில் நாளுக்கு நாலு தடவை சொல்லப்படுவது இன்னொரு மொழியில் ஆயுளுக்கு ஒரு தடவை சொல்லப்படலாம். அதே பொருள், அதே இலக்கணம். ஆனால் கேட்கிறவர் நெஞ்சில் விழுகிற கனம் வேறு. ஆகவே ஒரு வரியை மொழிபெயர்க்கும் முன் முழு அத்தியாயத்தையும், முடிந்தால் முழுத் தொடரையும் ஓட்டிப் பாருங்கள். அந்த மனிதர்கள் அந்த வாக்கியத்தை எத்தனை தடவை சொல்கிறார்கள், யார் யாரிடம் சொல்கிறார்கள், சொன்ன பிறகு அவர்களுக்குள் ஏதாவது மாறுகிறதா என்று கவனியுங்கள். ஒவ்வொரு போன் முடிவிலும் ‘லவ் யூ’ வருகிறது, எதிர்முனையும் ‘லவ் யூ’ என்கிறது, யார் முகமும் மாறவில்லை என்றால் அது விடைபெறும் சொல். நம் ஊரில் அந்த இடத்தில் “சரி, வச்சிடட்டுமா? உடம்பப் பாத்துக்கோ” இருக்கிறது. அதை எழுதுங்கள். எட்டு அத்தியாயம் வாய் திறக்காதவன் ஒன்பதாவதில் சொல்கிறான் என்றால் அது வேறு வரி, அதற்கு வேறு தமிழ்.

‘நேசிக்கிறேன்’ ஏன் தேவாலய வாசனை அடிக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் நம் தொழிலின் பழைய பாடம் ஒன்று இருக்கிறது. யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தில் இயேசு பேதுருவிடம் மூன்று தடவை, நீ என்னிடம் அன்பு வைத்திருக்கிறாயா என்று கேட்கிறார். கிரேக்க மூலத்தில் முதல் இரண்டு தடவை கேள்வியில் ஒரு வினைச்சொல், பேதுருவின் பதிலில் வேறொரு வினைச்சொல். மூன்றாவது தடவை கேள்வியே பேதுருவின் சொல்லுக்கு இறங்கி வருகிறது. ஆங்கிலத்தின் பழைய ஜேம்ஸ் மன்னர் பதிப்பில் இரண்டுக்கும் ‘லவ்’ ஒன்றுதான். அந்த அசைவு அங்கே கண்ணில் படாது. நம் பழைய தமிழ் வேதாகமத்தைப் புரட்டிப் பாருங்கள். கேள்வியில் ‘அன்பாயிருத்தல்’, பதிலில் ‘நேசித்தல்’, மூன்றாவது கேள்வியிலும் ‘நேசித்தல்’. தமிழாக்கியவர்கள் மூலத்தில் இரண்டு சொல் இருப்பதைப் பார்த்து இரண்டு சொல்லைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். யோவான் அந்த வேறுபாட்டை மனதில் வைத்துத்தான் எழுதினாரா, நடைக்காகச் சொல்லை மாற்றினாரா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அது அவர்கள் பாடு. மூலத்தில் படி இருந்தால் தமிழிலும் படி வேண்டும் என்கிற கவனம் நமக்குப் பாடம். ஆனால் ‘நேசித்தல்’ வேதாகமத்திலேயே தங்கிவிட்டது. கடைத்தெருவுக்கும் சமையலறைக்கும் அது இறங்கி வரவில்லை. திரையில் ஒரு போதகரோ பழங்காலத்து அரசனோ பேசினால் ‘நேசிக்கிறேன்’ கூசாமல் வரும். கலிபோர்னியாவின் பதினெட்டு வயதுப் பையன் வாயில் வராது.

சரி, ‘ஐ லவ் யூ’ என்று ஆங்கிலத்தையே தமிழ் எழுத்தில் போட்டுவிடலாமே என்பீர்கள். போடலாம், ஆனால் அதுவும் ஓர் எடைக்கல்தான். நம் ஊரில் ‘ஐ லவ் யூ’ வாக்கியம் அல்ல, ஒரு சம்பவத்தின் பெயர். “அவன் ஐ லவ் யூ சொல்லிட்டானாம்டி” என்று பெண்கள் பேசிக்கொண்டால், அவன் உள்ளத்தில் அன்பு இருக்கிறது என்பது அல்ல செய்தி. கேட்டுவிட்டான், இனி இவள் பதில் சொல்லியாக வேண்டும், அதுதான் செய்தி. ஒரு தடவை நடக்கும், தேதி நினைவிருக்கும். அதனால் கல்யாணமாகிப் பத்து வருடமான அமெரிக்கத் தம்பதி காபி குடித்துக்கொண்டே ‘ஐ லவ் யூ’ பரிமாறிக்கொள்வதை அப்படியே போட்டால், தமிழ்க் காதுக்கு அவர்கள் தினமும் புதிதாகப் ப்ரொபோஸ் செய்துகொள்வது போல் இருக்கும்.

இதில் ஒரு சின்ன நுணுக்கம். அந்த ‘ஐ’யை எடுத்துவிட்டால் கனம் பாதிக்குமேல் இறங்கிவிடுகிறது. “லவ் யூ டா மச்சான்”, “லவ் யூ மா” என்று நம் பிள்ளைகள் சாதாரணமாகச் சொல்கிறார்கள். பிறந்தநாள் ஸ்டேட்டஸில் அக்காவுக்குப் போடுகிறார்கள். ஆங்கிலம் பேசுகிறவர்களும் இப்படித்தான். தானாக வாயில் வரும்போது ‘லவ் யூ’, நின்று நிதானித்து முகம் பார்த்துச் சொல்லும்போது ‘ஐ லவ் யூ’. மூலத்தில் ‘ஐ’ இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். எழுதியவர் தெரிந்தேதான் வைத்திருப்பார். நம் தமிழிலும் இப்போது அதே வேறுபாடு உருவாகிவிட்டது என்பது நமக்குக் கிடைத்த வசதி. இருபது வயதுப் பாத்திரத்துக்கு அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அறுபது வயதுப் பாத்திரத்துக்கு வேண்டாம்.

இனி ஒரு படத்தை எடுத்துக்கொண்டு உட்காருவோம். 1990இல் வந்த ‘கோஸ்ட்’. ஜெர்ரி ஸக்கர் இயக்கியது, பேட்ரிக் ஸ்வேஸியும் டெமி மூரும் நடித்தது. அதன் கதையே இந்த வாக்கியத்தின் எடையில்தான் நிற்கிறது. மாலி தன் காதலன் சாமிடம் ‘ஐ லவ் யூ’ என்கிறாள். அவன் ஒருபோதும் அதைத் திருப்பிச் சொல்வதில்லை. ‘டிட்டோ’ என்கிறான். மேலே உள்ளதேதான் என்று கணக்கு நோட்டில் இரண்டு கோடு போடுவோமே, அந்தச் சொல். மாலிக்கு அதில் வருத்தம். பிறகு சாம் கொல்லப்படுகிறான், ஆவியாக அலைகிறான். ஆவிகளோடு பேசுவதாகச் சொல்லிப் பிழைக்கும் ஓடா மே பிரவுன் என்கிற பெண்ணுக்கு அவன் குரல் கேட்கிறது. அவள் போய்ச் சொன்னால் மாலி நம்புவாளா? ‘அவன் உன்னை லவ் பண்றான்’ என்று சொன்னதும் மாலி, அவன் அப்படிச் சொல்ல மாட்டான் என்கிறாள். அப்போது ஓடா மே வாயிலிருந்து ‘டிட்டோ’ வருகிறது. நம்பிக்கை அங்கே பிறக்கிறது. படத்தின் முடிவில் சாம் முதல் தடவையாக முழு வாக்கியத்தையும் சொல்ல, மாலி ‘டிட்டோ’ என்கிறாள்.

இதைத் தமிழாக்க உங்கள் மேசைக்கு வருகிறது என்று வையுங்கள். முதல் காட்சியை மட்டும் பார்த்தால் கை தானாக ‘நானும்தான்’ என்று எழுதும். இயல்பான தமிழ், இரண்டு சொல்லுக்குள் அடங்குகிறது, முதல் காட்சிக்குப் போதும். ஆனால் ஓடா மே காட்சிக்கு வரும்போது மாட்டிக்கொள்வீர்கள். ‘நானும்தான்’ என்பதை ஊரில் எந்த ஏமாற்றுக்காரியும் சொல்லிவிடலாம். அது சாம் ஒருவனுக்கே உரிய சொல் அல்ல, அதனால் சாட்சியாகாது. ‘அதே’ என்று போடலாமா? ஓசைக்குக் கிட்டத்தட்ட ஒத்துவரும், அதுவும் இரண்டு அசைதான். ஆனால் தமிழ்த் திரையில் ‘அதே அதே’ என்பது சிரிப்புக்கு ஆமாம் போடுகிறவன் வாயிலேயே கேட்டுப் பழகியது. முடிவுக் காட்சியில் ஒளி வெள்ளத்தில் மாலி ‘அதே’ என்றால் தியேட்டர் சிரிக்கும். நான் என்றால் ‘டிட்டோ’வையே வைத்துக்கொள்வேன். மளிகைக் கணக்கு எழுதியவர், பள்ளியில் வருகைப் பதிவேடு பார்த்தவர், அலுவலகப் பட்டியல் போட்டவர் எல்லோருக்கும் தமிழ்நாட்டில் அந்தச் சொல் தெரியும். காதலியிடம் யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள் என்பதும் தெரியும். சாம் கணக்குப் புத்தகச் சொல்லால் தப்பித்துக்கொள்கிறவன் என்பது அதிலேயே வந்துவிடுகிறது.

‘டிட்டோ’வை வைத்துக்கொண்டால், அது எதற்குப் பதிலாக வருகிறதோ அந்த வாக்கியத்தையும் படம் முழுக்க ஒரே வடிவத்தில் காப்பாற்ற வேண்டும். மாலிக்கு ஓரிடத்தில் ‘ஐ லவ் யூ’, இன்னோரிடத்தில் ‘உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்கும்’ என்று அழகுக்காக மாற்றினீர்களானால், சாம் எந்த வாக்கியத்துக்கு இத்தனை நாள் பயந்தான் என்பது பார்வையாளருக்குக் கலைந்துபோகும். இந்தப் படத்தில் ‘ஐ லவ் யூ’ அமெரிக்கக் காபி மேசைச் சொல் அல்ல. நம் ஊர் எடையிலேயே இருக்கிறது: ஒரு ஆண் சொல்லத் தயங்குகிற, ஒரு தடவைதான் சொல்கிற வாக்கியம். எனவே இங்கே ‘ஐ’யோடு முழுசாக, தமிழ் எழுத்தில், வருகிற இடமெல்லாம் அப்படியே. முன்பு வேண்டாம் என்று சொன்ன அதே சொல் இங்கே சரியானது. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டிவைக்க முடியாத தொழில் இது.

‘ஐ மிஸ் யூ’வுக்கு வருகிறேன். இதில் எடைக்கு முன்னால் திசையைப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் ‘நான்’ என்பவர் தலையில் நின்று ஒரு செயலைச் செய்கிறார். பிரெஞ்சில் அப்படியே தலைகீழ்: நீ எனக்குக் குறைகிறாய் என்பது போல, இல்லாதவர்தான் எழுவாய். தமிழில் இன்னும் வேடிக்கை. நாம் அந்த உணர்வை நம்மேல் போட்டுக்கொள்வதே குறைவு. வீட்டின் மேல் போடுவோம்: “நீ இல்லாம வீடே வெறிச்சுன்னு கிடக்கு.” சோற்றின் மேல் போடுவோம்: “ஒரு வாய் இறங்கல.” குழந்தையின் மேல் போடுவோம்: “புள்ள உன்னத் தேடுறான்.” தேடுவது பிள்ளையா சொல்கிறவளா என்று கேட்கிற கணவனுக்குத் தெரியும். வெளியூர்ப் பிள்ளையிடம் அப்பா கேட்கிற “எப்ப லீவு?” என்பதும் இதே வாக்கியம்தான்.

ஒரு காட்சியைச் செய்து பார்ப்போம். இது நானே உருவாக்கிய மாதிரி. விடுதியில் இருக்கும் மகள் அம்மாவிடம் போனில்: ஐ மிஸ் யூ, மாம். அம்மா: ஐ மிஸ் யூ டூ, ஹனி. மகள்: லவ் யூ. அம்மா: லவ் யூ. நாலு வரியும் சேர்ந்து ஐந்து ஆறு நொடிதான். இது டப்பிங், மகளின் முகம் அருகாமைக் காட்சியில் இருக்கிறது, உதடு தெரிகிறது.

முதல் வரியில் நாலு அசை. “உன் ஞாபகமாவே இருக்கும்மா” என்று எழுதினால் தமிழ் நன்றாக இருக்கிறது, ஆனால் பத்து அசை. வாய் மூடிய பிறகும் குரல் ஓடிக்கொண்டிருக்கும். உதட்டைக் கவனியுங்கள். ‘மிஸ்’ஸில் ஒரு தடவை உதடு ஒட்டுகிறது. ‘மாம்’ தொடங்கும்போதும் முடியும்போதும் ஒட்டுகிறது. ஒட்டும் இடத்தில் ம, ப வரிசை எழுத்து விழுந்தால் கண் ஏமாந்துவிடும், மற்ற இடத்தில் கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். இப்போது இதைச் சொல்லிப் பாருங்கள்: “அம்மா, தேடுதும்மா.” ‘ஐ மி’ என்று வாய் திறந்து மூடும் இடத்தில் ‘அம்மா’ உட்கார்ந்துவிடுகிறது. கடைசி ‘ம்மா’ ஆங்கிலத்து ‘மாம்’ மேல் போய் விழுகிறது. அசை ஆறுதான், அதிலும் ‘டு’ நாக்கு தொட்டுப்போகும் குறில். குரல் கொடுக்கிற பெண் கெட்டிக்காரியாக இருந்தால் ஒரே டேக்கில் முடிப்பாள். ‘வீட்டத் தேடுது’, ‘அம்மாவத் தேடுது’ என்பதை விடுதியில் இருந்த எல்லாப் பிள்ளைகளும் சொல்லியிருப்பார்கள். யார் தேடுகிறார் என்பது வாக்கியத்தில் இல்லாததுதான் அதன் பலம்.

அம்மாவின் பதில் காமிரா மகள் மேலேயே இருக்கும்போது வருகிறது என்றால் உதட்டுக் கவலை இல்லை, நேரம் மட்டும்தான். “எனக்கு மட்டும் என்ன… வீடே வெறிச்சுன்னு இருக்குடி.” நீளம் என்றால் முதல் பாதியை வெட்டுங்கள், வீட்டை வெட்டாதீர்கள். அடுத்து மகள்: “சரி, வச்சிடட்டுமா?” அம்மா: “ம்… சாப்ட்டுப் படு.” கடைசி இரண்டு வரியிலும் அன்பு என்கிற சொல்லே கிடையாது. மூலத்திலும் அந்த இரண்டு ‘லவ் யூ’க்கள் போனை வைப்பதற்கான சொல்தானே தவிர வேறில்லை.

சப்டைட்டில் என்றால் இதே காட்சிக்குக் கணக்கு வேறு. வரிக்கு 42 எழுத்து, இரண்டு வரிக்கு மேல் கூடாது என்பது பல நிறுவனங்களின் வழக்கம். இந்த எழுத்து நம் எழுத்தல்ல என்பதை நினைவில் வையுங்கள். ‘நான் உன்னைக் காதலிக்கிறேன்’ என்பதில் தமிழ் ஆசிரியர் எண்ணினால் 13 எழுத்து. மென்பொருள் கொம்பையும் காலையும் புள்ளியையும் இடைவெளியையும் தனித்தனியாக எண்ணி 26 என்று காட்டும். ஆங்கில மூலம் இடைவெளியோடு 10. ஒரு நொடிக்குள் ஓடிவிடும் வரிக்கு இது பெரிய சுமை. ‘தேடுதும்மா’ கணினிக் கணக்கிலும் 10தான். பேச்சுத் தமிழில் எழுதினால் மதிப்பு குறைவு என்று சிலர் சப்டைட்டிலில் செந்தமிழைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆவணப்படத்துக்குச் சரி. வீட்டுப் பேச்சுக்கு அது நீளத்திலும் தோற்கும், காதிலும் தோற்கும்.

இப்போது நம்மில் பலருக்கு வருகிற கொரிய, ஜப்பானியத் தொடர்களைப் பற்றி. அவை நேராக நமக்கு வருவதில்லை. யாரோ ஆங்கிலத்தில் செய்த டெம்ப்ளேட் வருகிறது, அதைப் பார்த்துத் தமிழ் எழுதுகிறோம். இது பாரிவாக்கத்திலிருந்து பக்கத்து ஆவடிக்குப் போக கோயம்பேடு போய்ச் சுற்றி வருவது போன்றது. கொரிய மொழியில் ஒருவர் இல்லாத ஏக்கத்தை ‘போகோ ஷிப்போ’ என்பார்கள். ‘போகோ’வில் இருப்பது பார்ப்பது, ‘ஷிப்போ’ வேண்டும் என்பது. அதாவது, பாக்கணும் போல இருக்கு. நம் ஊர்க்காரர் ஒருவர் எழுதிக்கொடுத்தது போல அச்சாக இருக்கிறது. ஆங்கிலத்தில் அது ‘ஐ மிஸ் யூ’ ஆகிவிட்டது. நீங்கள் அதைப் பார்த்து ‘உன்னை மிஸ் பண்றேன்’ என்று எழுதுகிறீர்கள். பார்க்க வேண்டும் என்கிற ஆசை வழியில் எங்கோ இறங்கிவிட்டது. அதற்கு அடுத்த வரியில் கதாநாயகன், அப்படியானால் வந்து பார் என்கிற மாதிரிப் பதில் சொன்னால் உங்கள் தமிழில் ஒட்டாது. ஜப்பானியத்தில் ‘ஐதாய்’ என்பதும் சந்திக்க வேண்டும் என்கிற ஆசைதான். அவர்கள் ‘சுகி’ என்பது நம் ‘பிடிக்கும்’ போலவே நடக்கிறது, நான் செய்கிற செயலாக இல்லாமல் எனக்கு நேர்கிற ஒன்றாக. ஆங்கில டெம்ப்ளேட்டில் அது ஒரு நாள் லைக், ஒரு நாள் லவ். ஸ்பானியத்தில் ‘தே கியெரோ’ அம்மாவுக்கும் நண்பனுக்கும் போகும். ‘தே ஆமோ’ அதைவிடக் கனமானது, பெரும்பாலும் காதலுக்கு. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே வாக்கியமாக வந்து உங்கள் முன் நிற்கும்.

அந்த மொழிகளையெல்லாம் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை, கொடுக்கிற காசுக்கு அது அநியாயம். ஒலியை அணைத்துவிட்டு டெம்ப்ளேட்டை மட்டும் பார்த்து எழுதாதீர்கள் என்கிறேன். இந்த ஐந்தாறு சொற்களைக் காது அடையாளம் கண்டுகொண்டால் போதும். ‘போகோ ஷிப்போ’ கேட்டதும் ‘பாக்கணும் போல இருக்கு’ என்று நேராக எழுதுங்கள்.

நம் ‘பிடிக்கும்’ பற்றி ஒரு எச்சரிக்கை. ‘எனக்கு உன்னைப் பிடிக்கும்’ என்பது லேசானது, பாட்டியிடமும் சொல்லலாம். ‘எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு’ என்று காலத்தை மாற்றினீர்களானால் பெண் பார்க்க வந்தவன் சொல்லும் சம்மதமாகிவிடும். பத்து வயதுப் பையன் புதிதாக வந்த டீச்சரிடம் சொல்வதாக இருந்தால் முதலாவதை எழுதுங்கள், தயவுசெய்து.

எதிர்த் திசையில் வேலை செய்கிறவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். தமிழ்ப் படங்களுக்கு ஆங்கில சப்டைட்டில் எழுதுகிறவர்கள். உங்களுக்கு நேர்மாறான ஆபத்து. ரயிலடியில் அப்பா மகனிடம் “பணம் இருக்கா?” என்கிறார். வெளிநாட்டுக்காரருக்குப் புரியாதோ என்று பயந்து, அப்பா உன்னை மிஸ் பண்ணுவேன் என்று ஆங்கிலத்தில் ஏற்றிவிடுகிறீர்கள். அந்த அப்பாவால் அதைச் சொல்ல முடியாது என்பதுதான் காட்சி. பணம் இருக்கிறதா என்பதையே எழுதுங்கள். நடிகரின் கையும் கண்ணும் திரையில் இருக்கின்றன, மீதியை அவை பார்த்துக்கொள்ளும். மணிரத்னத்தின் ‘அலைபாயுதே’ (2000) படத்தில் மின்சார ரயிலில் கார்த்திக் சக்தியிடம் பேசுவது தமிழ்நாட்டுக்கே மனப்பாடம். காதல் இல்லை என்று அடுக்கடுக்காக மறுத்துவிட்டு, ஆனாலும் இதெல்லாம் நடந்துவிடுமோ என்கிற பயத்தில் போய் முடிக்கிறான். மறுப்புகளை ஒன்றுவிடாமல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தால்தான் கடைசி வரி விழும். இடம் போதவில்லை என்று ஒரு மறுப்பைச் சுருக்கி, பதிலுக்கு ஒரு ‘லவ்’வைத் தூக்கிப் போட்டால் மீதி எல்லாம் வெறும் பேச்சாகிவிடும்.

இந்த எடைகளுக்கெல்லாம் காலக்கெடு உண்டு. பூந்தமல்லியில் கண்ணீர் அஞ்சலி பேனரிலேயே ‘மிஸ் யூ நண்பா’ என்று இருக்கிறது. இறந்தவனுக்கு அவன் நண்பர்கள் தேர்ந்தெடுத்த சொல் அது, அதைவிடக் கனமான இடம் ஒரு சொல்லுக்குக் கிடைக்காது. ஆகவே இந்தச் சொற்களின் எடை பற்றி நான் இன்று எழுதுவது பத்து வருடத்தில் பொய்யாகலாம். இப்போதைக்கு, இளைஞர் பாத்திரத்துக்கு ‘மிஸ் யூ’வையும் ‘மிஸ் பண்றேன்’னையும் ஒதுக்காதீர்கள். காலத்தில் மட்டும் கவனமாக இருங்கள். ‘மிஸ் பண்றேன்’ என்றால் ஏக்கம். ‘மிஸ் பண்ணிட்டேன்’ என்றால் பஸ் போய்விட்டது. ஆளைச் சொன்னால், கைவிட்டுப் போன வாய்ப்பு. மூலத்தில் காதலி ‘ஐ மிஸ்ட் யூ’ என்று கட்டிக்கொள்ளும்போது அவசரத்தில் ‘உன்னை மிஸ் பண்ணிட்டேன்’ என்று எழுதி அனுப்பிய கோப்பைப் பார்த்திருக்கிறேன். அங்கே “எவ்ளோ நாளாச்சு உன்னப் பாத்து” என்பது போதும்.

எழுதியதைச் சோதிக்க ஸ்டூடியோ வேண்டாம். வரியை மட்டும் உரக்கப் படித்து, யார் யாரிடம் பேசுவது என்று வீட்டில் யாரையாவது கேளுங்கள். காட்சியைச் சொல்லக் கூடாது. “தேடுதும்மா” என்றதும் பிள்ளை அம்மாவிடம் என்பார்கள். “நான் உன்னை நேசிக்கிறேன்” என்றால் ‘டப்பிங் படம்’ என்பார்கள். எங்கள் தெருவில் பூ கட்டுகிற அக்காவிடம் நான் இப்படித்தான் கேட்கிறேன், இரக்கமே இல்லாமல் சொல்வார்.

கடைசியாக, க்யூசியில் இருப்பவர்கள் உங்கள் கோப்பைத் திருப்பி அனுப்புவார்கள். மூலத்தில் ‘லவ்’ இருக்கிறது, தமிழில் காணோம், விடுபட்டிருக்கிறது என்று சிவப்பில் குறித்திருப்பார்கள். கோபப்படாதீர்கள், அவர்களில் பலர் தமிழ் தெரியாமல் எண்ணிக்கை மட்டும் பார்ப்பவர்கள். குறிப்புப் பெட்டியில் அந்த அத்தியாயத்தில் அதே வாக்கியம் வரும் டைம்கோடுகளை வரிசையாகக் கொடுங்கள். இவை எல்லாம் போனை வைக்கும் இடங்கள், தமிழில் இந்த இடத்தில் சொல்லப்படுவது இது, என்று எழுதுங்கள். கனமாக வரும் ஒரே இடத்தையும் குறித்து, அங்கே முழு வாக்கியத்தை வைத்திருக்கிறேன் என்று காட்டுங்கள். டைம்கோடு இருந்தால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் ‘லவ் யூ மா’ வரை இறங்கி வாருங்கள். ‘காதலிக்கிறேன் அம்மா’வுக்கு மட்டும் பெயர் போடச் சம்மதிக்காதீர்கள்.

அன்புடன்,
பாரிவாக்கத்திலிருந்து உங்கள் தொழில்காரன் ஒருவன்